11 மதிப்பெண்ணுக்காக நிலத்தை விற்க வேண்டாம்

போன வாரம் ஒரு அம்மா, மேற்கொண்டு என்ன படிக்க வைப்பது என்று கேட்டு மகளோடு என்னிடம் வந்திருந்தார். மகள் நீட்டில் தகுதி பெற்றுவிட்டாள். ஆனால் அவர்கள் பிரிவில் அரசு இடம் 11 மதிப்பெண்ணில் கைவிட்டுப் போனது. வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்க்கலாம், இருக்கிற ஒரு ஏக்கரை விற்றுவிடு என்கிறாராம் தாய்மாமன்.

விற்காதீர்கள் என்றேன். அங்கே குறைந்தது 54 மாதப் படிப்பு, அப்புறம் ஒரு வருடப் பயிற்சி. திரும்பி வந்ததும் 300க்கு 150 எடுக்க வேண்டிய தகுதித் தேர்வு, அதன்பின் இங்கே இன்னொரு வருடப் பயிற்சி. மாமா சொன்ன தொகை கல்லூரிக் கட்டணம் மட்டும். தேர்வில் தேறாமல் வீட்டில் உட்காரும் வருடங்களுக்கு யார் செலவு செய்வது?

பெண்ணிடம் பேசியபோதுதான் விஷயம் வந்தது. காது கேட்காமல் பிறந்த சித்தப்பா மகனுக்கு அறுவை சிகிச்சை செய்து, கேட்க உதவும் காக்ளியர் கருவி வைத்திருக்கிறார்கள். அவனைப் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப் போவது இவள்தான். தினமும் காலையில் வாயை மறைத்துக்கொண்டு ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ் என்று ஆறு ஒலிகளைச் சொல்லி, அவனைத் திருப்பிச் சொல்ல வைக்கிறாள். "கொஞ்ச நாளா 'ஸ்' மட்டும் அவனுக்கு விழல சார்" என்றாள். 'ம்' தாழ்ந்த ஒலி, 'ஸ்' உச்ச ஒலி. எது விழவில்லை என்று தெரிந்தால், கருவியில் எந்தப் பகுதியைச் சரிபார்க்க வேண்டும் என்று செவித்திறன் நிபுணரான ஆடியாலஜிஸ்டுக்குப் புரியும். அவள் கவனித்தது வீண் போகாது.

இதற்கே, செவித்திறனுக்கும் பேச்சுக்குமாக ஒரு பட்டப்படிப்பு உண்டு: பி.ஏ.எஸ்.எல்.பி. மூன்று வருடம் வகுப்பு, ஒரு வருடம் பயிற்சி. பிறந்த குழந்தையின் செவித்திறனைச் சோதிப்பது, காதுக்கு வெளியே மாட்டும் செவிக்கருவி பொருத்துவது, திக்குவாய்க்கும் பக்கவாதத்தில் பேச்சிழந்தவர்களுக்கும் பயிற்சி தருவது எல்லாம் இதில் வரும். தமிழ்நாட்டில் துணை மருத்துவப் படிப்புகளுக்கான கலந்தாய்வில் இதற்குப் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே இடம் தருகிறார்கள், நீட் கேட்பதில்லை. சென்னை மருத்துவக் கல்லூரியிலும் இந்தப் படிப்பு இருக்கிறது. ஆனால் விண்ணப்பம் தனி. எம்.பி.பி.எஸ். கலந்தாய்வு முடியட்டும் என்று காத்திருந்தே பலர் இதன் கடைசித் தேதியைத் தவற விடுகிறார்கள்.

தனியார் கல்லூரி என்றால், இந்திய மறுவாழ்வுக் கழகமான ஆர்.சி.ஐ.யின் அங்கீகாரம் இந்த வருடச் சேர்க்கைக்கு உண்டா என்று அதன் தளத்திலேயே பாருங்கள். இல்லாவிட்டால் படிப்பை முடித்தாலும் தொழில் செய்வதற்கான பதிவு கிடைக்காது. முடித்தபின் செவிக்கருவி விற்கும் கடைகளில் வேலை எளிதாகக் கிடைக்கும். மாதம் இத்தனை விற்க வேண்டும் என்ற நெருக்கடியும் அங்கே இருக்கும். மருத்துவமனையையும் சிறப்புப் பள்ளியையும் முதலில் தேடச் சொன்னேன்.

"டாக்டர்னு போர்டு போட முடியுமா?" என்றார் அம்மா. முடியாது, மருந்தும் எழுத முடியாது என்று சொல்லிவிட்டேன். மகளைக் கேட்டேன். "அவனுக்கு ஏன் 'ஸ்' விழலன்னு இதுல சொல்லித் தருவாங்களா?" என்றாள். விண்ணப்பத் தேதியை எழுதிக் கொடுத்தேன். மாமாவிடம் நானே பேசுகிறேன் என்றும் சொல்லியிருக்கிறேன்.