எருமைத் தயிர் கட்டி, பசுந்தயிர் இளகல்: ஏன்?

ஒரே உறைமோர்தான் ஊற்றுகிறேன். எருமைப்பால் வெட்டி எடுக்கிற மாதிரி உறைகிறது, பசும்பால் வழிகிறது. கொழுப்புதான் காரணமா?

கொழுப்பு வழவழப்பைத் தரும். தயிரைக் கட்டி நிறுத்துவது கேசின் என்கிற புரதம். பால் புளிக்கும்போது கேசின் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி வலையாகின்றன, தண்ணீரும் கொழுப்பும் அதற்குள் சிக்கிக்கொள்கின்றன. எருமைப்பாலில் கேசினும் கால்சியமும் அதிகம், அதனால் வலை நெருக்கமாக அமைகிறது. தண்ணீர் தவிர்த்த திடப்பொருள் பசும்பாலில் சுமார் 13 சதவீதம், எருமைப்பாலில் 16, 17 வரை இருக்கும். இந்த வித்தியாசத்தைத்தான் நாம் ஈடுகட்ட வேண்டும்.

அப்படியானால் பசும்பாலை என்ன செய்வது?

சுண்டக் காய்ச்சுங்கள். ஒரு லிட்டர் பாலை அகலமான பாத்திரத்தில், சிறு தீயில், கிளறிக்கொண்டே 800 மில்லி ஆக்கினால் திடப்பொருள் 16 சதவீதத்தைத் தொடும். பொங்கியதும் இறக்குவதுதான் பலர் செய்யும் தவறு. நீர் வற்றுவது மட்டுமல்ல, அந்த நீண்ட சூட்டில் பாலின் மோர்ப்புரதம் கேசினோடு ஒட்டிக்கொள்வதாலும் தயிர் இறுகும், நீர் பிரிவது குறையும்.

சுண்டவைக்க நேரமில்லையென்றால் லிட்டருக்கு 40 கிராம் கொழுப்பு நீக்கிய பால்பவுடரை ஆறிய பாலில் கரைத்து, பிறகு காய்ச்சலாம். சூடான பாலில் கொட்டினால் கட்டிகட்டியாக நிற்கும். அதிகம் சேர்த்தால் பவுடர் வாசம் தூக்கும்.

எருமைப்பால் உறையத் தாமதமாகிறது. உறைமோரைக் கூட்டலாமா?

வேண்டாம். புரதமும் தாது உப்பும் கூடுதலாக இருப்பதால் எருமைப்பால் புளிப்பை எதிர்த்து நிற்கும். அதே அளவு உறைமோருக்குப் பசும்பாலைவிடச் சற்றுக் கூடுதல் நேரம் கேட்பது இயல்பு. அவசரப்பட்டு அரைக் கரண்டி ஊற்றினால் தயிர் சீக்கிரம் புளித்து, மேலே தண்ணீர் நிற்கும். லிட்டருக்கு இரண்டு டீஸ்பூன் போதும். பால் 40 முதல் 43 டிகிரிக்குள், விரல் வைத்தால் இதமான சூடாக இருக்கும்போது ஊற்றி, நன்றாகக் கலக்கி, துணி சுற்றி, அசைக்காமல் வைத்துவிடுங்கள். பாத்திரத்தை லேசாகச் சாய்த்தால் தயிர் ஓரத்தைவிட்டு ஒரே துண்டாக விலக வேண்டும். அந்த நிலையில் உடனே குளிர்பெட்டிக்குள் போகட்டும்.

எருமைப்பாலைச் சுண்டவும் வைக்காதீர்கள். பத்து நிமிடம் கொதிக்கவிட்டால் போதும், அதற்கு மேல் போனால் தயிர் களிபோலாகும்.

மண்சட்டியில் உறையவைத்தால் கூடுதல் கட்டியாகுமா?

ஆகும். இலங்கையில் எருமைத் தயிர் மண்சட்டியிலேயே விற்கப்படுவதைப் பார்த்திருப்பீர்கள். சட்டி கொஞ்சம் நீரை உறிஞ்சிக்கொள்கிறது, அவ்வளவுதான். நீர்த்த பாலை அது காப்பாற்றாது. புதுச்சட்டி என்றால் ஒருநாள் நீரில் ஊறவைத்து, வெயிலில் நன்றாகக் காயவிட்டுப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் தயிரில் மண்வாடை வரும்.