நடந்த வகுப்புக்கு மட்டும் மதிப்பூதியம்: வருகைத் தாளை வைத்துக் கணக்குப் போடுவது எப்படி?

கேள்வி: எங்கள் மையத்துக்கு வெளியிலிருந்து மூன்று பயிற்றுநர்கள் வருகிறார்கள். கால அட்டவணையைப் பார்த்துத்தான் மாதாமாதம் மதிப்பூதியம் கொடுக்கிறோம். நடக்காத வகுப்புக்கும் பணம் போய்விடுகிறது. கூடுதலாக எடுத்த வகுப்பு விட்டுப்போகிறது. எளிமையாக என்ன செய்யலாம்?

பதில்: அட்டவணை என்பது திட்டம் மட்டுமே. பணத்தை வருகைத் தாளை வைத்துக் கொடுங்கள். ஒரு வகுப்புக்கு ஒரு தாள். ஒரே நாளில் ஒருவர் இரண்டு வகுப்பு எடுத்தால் இரண்டு தாள். தாள்களில் முன்கூட்டியே வரிசை எண் போட்டுவிடுங்கள். வகுப்பு முடிந்ததும் பயிற்சி பெறுவோர் அவரவர் கையாலேயே கையெழுத்திட வேண்டும். பயிற்றுநர் தொடங்கிய நேரம், முடித்த நேரம் இரண்டையும் எழுதிக் கையொப்பமிட வேண்டும். மீதி வெற்று வரிகளைக் குறுக்கே அடித்துவிட்டு, ஒருங்கிணைப்பாளர் அன்றைக்கே கையெழுத்துப் போட வேண்டும். மாதக் கடைசியில் மொத்தமாக வாங்கும் கையெழுத்தை நம்ப முடியாது. அதைக் கண்டுபிடிப்பதும் எளிது: எல்லாத் தாளிலும் ஒரே பேனா, ஒரே சாய்வு இருக்கும்; அன்று விடுப்பில் இருந்தவர் பெயருக்கு நேரேயும் கையெழுத்து இருக்கும்.

அடுத்தது கணக்குத் தாள். இடப்பக்கம் தேதி, மேலே பயிற்றுநர் பெயர்கள். கட்டத்தில் டிக் போடாதீர்கள், வருகைத் தாளின் எண்ணை எழுதுங்கள். இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். டிக் எந்தத் தாளுக்கு உரியது என்று பிறகு தெரியாது. எண் இருந்தால் உடனே தாளை எடுத்துப் பார்க்கலாம், ஒரே தாளை இருமுறை எண்ணவும் முடியாது.

ஒரு மாதம் 41 முதல் 64 வரை 24 தாள்களை எடுத்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் பயிற்றுநருக்கு 9, அடுத்தவருக்கு 7, மூன்றாமவருக்கு 5, ஆக 21 வகுப்புகள். இரண்டு தாள்களில் 'நடக்கவில்லை' என்று காரணத்தோடு எழுதியிருக்கிறது. ஒரு தாள் எழுத்துப் பிழையால் ரத்து. 21, 2, 1 கூட்டினால் 24, கணக்கு சரி. கூட்டுத்தொகை இடித்தால், காணாத தாள் கிடைக்கும்வரை பணம் போடாதீர்கள். ரத்தான தாளையும் கிழித்தெறியாமல் கோப்பிலேயே வையுங்கள்.

இப்போது முதல் பயிற்றுநர் "நான் பத்து எடுத்தேனே" என்கிறார். வாக்குவாதம் வேண்டாம், அவருடைய தேதிகளைக் கேட்டுக் கட்டங்களோடு ஒத்துப்பாருங்கள். பெரும்பாலும் ஒரே நாளில் அடுத்தடுத்து எடுத்த இரண்டு வகுப்புக்கு ஒரே தாளில் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். அதிலுள்ள நேரம் இரண்டு வகுப்பு அளவுக்கு நீண்டிருந்தால், ஒருங்கிணைப்பாளர் எழுத்தில் உறுதிசெய்தபின் பத்தாகத் திருத்தலாம். அப்புறம் கணக்குத் தாளில் பயிற்றுநரின் கையொப்பம் வாங்கி, ஒரு வகுப்புக்கான தொகையால் பெருக்கி, வவுச்சரோடு இணைத்துவிடுங்கள்.

பயிற்றுநர் வந்தும் ஆட்கள் வராத நாளுக்கு என்ன கொடுப்பது, பாதியில் நின்ற வகுப்பை எப்படி எண்ணுவது, இந்த இரண்டை மட்டும் அழைப்புக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். வருகைத் தாளால் இதற்குப் பதில் சொல்ல முடியாது.