மதிய மாத்திரை மட்டும் ஏன் எடுபடவில்லை?

"அப்பாவுக்கு 67 வயது, மூன்று வருடமாகப் பார்க்கின்சன். லெவோடோபா மாத்திரை காலை 7, மதியம் 1, இரவு 8 மணிக்குத் தருகிறோம். காலையில் போட்டதும் முக்கால் மணி நேரத்தில் சட்டைப் பொத்தானைத் தானே மாட்டுகிறார். மதியம் சாப்பிட்ட கையோடு போடுவது இப்போதெல்லாம் எடுபடவே இல்லை. நாலு மணி வரை நாற்காலியை விட்டு எழ முடியவில்லை, கையும் நடுங்குகிறது. டோபமைன்தான் குறைவு என்றால் அதையே ஊசியாகப் போடக் கூடாதா?" — ஒரு வாசகி, திருச்சி

ஊசியிலிருந்தே தொடங்குகிறேன், மதிய மாத்திரைக்கான பதிலும் அதற்குள்தான் இருக்கிறது. டோபமைன் ஊசி என்று ஒன்று உண்டு. ஐசியுவில் ரத்த அழுத்தம் விழுந்துபோனவர்களுக்கு ஏற்றுவோம். ஆனால் மூளையின் ரத்தக் குழாய்ச் சுவர் அதை உள்ளே விடாது. லெவோடோபா என்பது டோபமைனாக மாறுவதற்கு ஒரு படி முந்தைய பொருள். அது ஒரு அமினோ அமிலம் என்பதால், உணவுப் புரதத்திலிருந்து வரும் அமினோ அமிலங்களுக்கென்று அந்தச் சுவரில் இருக்கும் வாசல் வழியாக உள்ளே போய்விடுகிறது. போன பிறகு அங்கே டோபமைனாக மாறுகிறது.

நடுமூளையில் கருமையான பட்டை ஒன்று இருக்கிறது. டோபமைன் சுரக்கும் செல்களில் உள்ள நிறமிதான் அந்தக் கருமை. பார்க்கின்சன் வந்தவர் மூளையில் அந்தப் பட்டை வெளிறிப்போயிருக்கும். அறிகுறி கண்ணில் படும்போதே அந்தச் செல்களில் ஏறக்குறைய பாதி அழிந்திருக்கும்.

மூளையின் அடியாழத்தில் உள்ள சில கணுக்கள் நம் அசைவுகள்மேல் எப்போதும் பிரேக் போட்டு வைத்திருக்கின்றன. எழ நினைத்தால், எழுவதற்கான பிரேக் மட்டும் தளர வேண்டும். தளர்த்திக் கொடுப்பது டோபமைன். அது குறைந்தால் தசையில் பலம் இருந்தும் அசைவு தொடங்காது, தொடங்கினாலும் போகப்போகச் சிறுத்துவிடும். அப்பாவை ஒரு வரி எழுதச் சொல்லிப் பாருங்கள், வரி முடிவதற்குள் எழுத்து எறும்பளவுக்குக் குறுகக்கூடும்.

நடுக்கத்தின் கதை கொஞ்சம் வேறு. இந்தச் சுற்றில் உள்ள செல்கள் தனித்தனியாக வேலை செய்யாமல் ஒரே தாளத்தில் துடிக்கத் தொடங்கும்போது, மடியில் சும்மா கிடக்கும் கை நொடிக்கு 4 முதல் 6 தடவை ஆடுகிறது. டம்ளரை எடுக்கப் போனால் பெரும்பாலும் அடங்கிவிடும். சிறுமூளையின் சுற்றும் இதில் சேர்ந்துகொள்வதால் நடுக்கம் சிலருக்கு மாத்திரைக்குக் கட்டுப்படாது. அதனால் மாத்திரை வேலை செய்கிறதா என்பதை நடுக்கத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். பொத்தான் மாட்டுவதை, நாற்காலியிலிருந்து எழுவதைப் பாருங்கள்.

இப்போது மதியத்துக்கு வருவோம். லெவோடோபா இரைப்பையில் உறிஞ்சப்படுவதில்லை, சிறுகுடலுக்குப் போய்ச் சேர வேண்டும். இந்த நோயில் இரைப்பை மெதுவாகத்தான் காலியாகும், வயிறு நிறைந்திருந்தால் மாத்திரை அங்கேயே தங்கிவிடும். பிறகு குடல் வாசலிலும் மூளை வாசலிலும் பருப்பு, தயிர், மீன் இவற்றின் அமினோ அமிலங்கள் அதோடு முண்டியடிக்கின்றன. ரத்தத்தில் இந்த மருந்தின் அளவு ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். முதல் ஒன்றிரண்டு வருடம் மிச்சமிருந்த செல்கள் டோபமைனைச் சேமித்து வைத்துக் கொடுத்ததால் இதெல்லாம் வெளியே தெரியாமல் போயிருக்கும். சேமிப்பு குறையக் குறைய ரத்தத்தில் ஏறுவதும் இறங்குவதும் அப்படியே உடம்பில் தெரியும்.

மருத்துவரிடம் சொல்லிவிட்டு மதிய மாத்திரையை 12:15க்கு முழு டம்ளர் தண்ணீருடன் கொடுத்து, 1 மணிக்குச் சாப்பாடு போடுங்கள். குமட்டினால் இரண்டு பிஸ்கட் தரலாம், பால் வேண்டாம். புரதத்தைக் குறைக்காதீர்கள், இந்த வயதில் உடம்பு இளைத்துவிடும். முட்டை, மீன், பருப்பின் பெரும்பங்கை இரவுக்குத் தள்ளுங்கள். நாலு நாள் ஒரு நோட்டில் மாத்திரை நேரம், சாப்பாட்டு நேரம், எப்போது எழ முடிந்தது, எப்போது மறுபடி இறுகியது என்று குறியுங்கள். வெறும் வயிற்றில் போட்டும் அடுத்த வேளைக்கு முன்பே இறுகினால் அது உணவுப் பிரச்சினை அல்ல, மருத்துவர் இடைவெளியைக் குறைக்க வேண்டும். நடுக்கமாக இல்லாமல் உடம்பு பாம்பு போல நெளிந்தால், பெரும்பாலும் அளவு கூடிவிட்டது என்று பொருள். எதுவானாலும் நீங்களாகவே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், திடீரென நிறுத்தினால் காய்ச்சலும் கடும் இறுக்கமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

மாத்திரைப் பட்டையையும் ஒருமுறை பாருங்கள். லெவோடோபா வழியிலேயே டோபமைனாக மாறிக் குமட்டலைக் கிளப்பாமல் தடுக்கவே கார்பிடோபா சேர்க்கிறார்கள். அது நாளுக்கு 70 மி.கி.யாவது வேண்டும். 100 மி.கி. லெவோடோபாவுடன் 10 மி.கி. மட்டும் உள்ள மாத்திரையும் உண்டு, 25 உள்ளதும் உண்டு. முதல் வகையை மூன்று வேளை போட்டால் 30 மி.கி.தான் தேறும். குமட்டல் இருந்தால் இதைக் கேளுங்கள். வாந்திக்கென்று மெட்டோகுளோபிரமைடு மட்டும் கொடுத்துவிடாதீர்கள், அது மூளையில் டோபமைனின் வேலையையே தடுக்கும்.