−150 என்றால் எவ்வளவு காசு வரும்?

கேள்வி: இங்கிலாந்து உதைபந்தாட்டத்துக்கு 1.67, 2.30 என்று ஒட்ஸ் பார்த்துப் பழகிவிட்டேன் அண்ணை. இப்ப விடியப்புறம் எழும்பி அமெரிக்க பேஸ்போல் பார்க்கிறேன், அங்கே −150, +130 என்று போடுகிறார்கள். இதை எப்படி மாற்றுவது? ஒரு தளத்தில் −145, இன்னொன்றில் 1.67 என்றால் எது நல்ல விலை?
— யாழ்ப்பாண வாசகர்

பதில்: நீங்கள் பார்க்கிற அந்த −150, +130 முறைக்கு மணிலைன் என்று பெயர், அதில் எல்லாம் 100ஐச் சுற்றித்தான். −150 என்றால் 100 ரூபா இலாபம் எடுக்க 150 ரூபா கட்டவேண்டும், அதாவது வெல்லும் என்று எதிர்பார்க்கப்படுகிற அணி. +130 என்றால் 100 கட்டினால் 130 இலாபம்.

நீங்கள் பழகிய தசம ஒட்ஸில் கட்டிய காசும் சேர்ந்தே வரும், மணிலைன் இலாபத்தை மட்டும்தான் சொல்லும். அதனால் மாற்றும்போது கடைசியில் 1 கூட்டவேண்டும். கழித்தல் குறி என்றால் 100ஐ அந்த எண்ணால் பிரித்து 1 கூட்டுங்கள்: 100 ÷ 150 = 0.67, ஆகவே 1.67. கூட்டல் குறி என்றால் அந்த எண்ணை 100ஆல் பிரித்து 1 கூட்டுங்கள்: 1.30 + 1 = 2.30. பலரும் மறப்பது இந்த ஒன்றைத்தான். சரிபார்ப்பது சுகம்: 100க்கு மேற்பட்ட கழித்தல் எல்லாம் 2க்குக் கீழே வரும், +100உம் −100உம் சரியாக 2.00, 100க்கு மேற்பட்ட கூட்டல் எல்லாம் 2ஐத் தாண்டும், அப்படி வராவிட்டால் கணக்கு பிழை.

சரி, உங்கள் −145க்கு வருவோம். 100 ÷ 145 = 0.69, ஆக 1.69. ஆயிரம் ரூபா கட்டி வென்றால் கையில் வருவது கிட்டத்தட்ட 1,690, மற்றத் தளத்தில் 1,670. அதனால் −145தான் நல்லது, இருபது ரூபாதான் வித்தியாசம் என்றாலும். கழித்தல் குறிக்குப் பின்னால் எண் சிறியதாக இருந்தால் உங்களுக்கு இலாபம் கூட என்பதுதான் புதிதாகப் பார்ப்பவர்களைக் குழப்புகிறது.

இன்னொரு விஷயம், 1ஐத் தசம ஒட்ஸால் பிரித்தால் அந்த விலை காட்டும் வெற்றி வாய்ப்பு வரும். ஒரே ஆட்டத்தில் ஒரு அணிக்கு −150, மற்றதற்கு +130 என்று வையுங்கள்: 1ஐ 1.67ஆல் பிரித்தால் 60 சதவீதம், 2.30ஆல் பிரித்தால் 43.5. இரண்டும் சேர்ந்து 103.5. நூறுக்கு மேலே நிற்கிற அந்த 3.5தான் பந்தய நிறுவனம் தனக்கென்று வைத்துக்கொள்ளும் பங்கு, ஆகவே −150 அணிக்கு உண்மையில் 60 சதவீத வாய்ப்பு இருக்கிறது என்று நினைக்காதீர்கள், அந்தப் பங்கைக் கழித்துப் பார்த்தால் 58 அளவில்தான் வரும்.

பேஸ்போலில் வெற்றி தோல்வி இரண்டுதான், அதனால் இரண்டு எண் போதும். அமெரிக்க உதைபந்தாட்ட லீக்கைப் பார்க்கப் போனால், மணிலைனில் பெரும்பாலும் சமநிலைக்கும் தனி எண் இருக்கும். அப்போது நீங்கள் கட்டிய அணி சமநிலையில் முடித்தாலும் காசு போய்விடும், மேலதிக நேரத்தில் வென்றாலும் வழமையாக 90 நிமிடக் கணக்குத்தான்.

அப்புறம், பல தளங்களில் அமைப்புகளுக்குள் போனால் அமெரிக்க முறையைத் தசமத்துக்கு மாற்றும் தெரிவு இருக்கும். விடியப்புறம் அரைத் தூக்கத்தில் பிரித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.