நாலு மாசக் குழந்தைக்கு இழுப்பு: மெஷின் வைத்தும் ஏன் குறையவில்லை?

ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து எனக்கு வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். கைக்குழந்தைக்குச் சளி, மூன்றாம் நாள் இழுப்பு, நெபுலைசர் மெஷின் வைத்தோம், குறையவில்லை. இதற்குப் பெயர் பிராங்கியோலைடிஸ். நுரையீரலின் கடைசிக் கிளைகளான நுண்குழாய்களில் வைரஸ் கிருமியால் வரும் அழற்சி. இரண்டு வயதுக்குள் வரும், பெரும்பாலும் முதல் வருடத்தில். ஆறு கேள்விகளை எடுத்திருக்கிறேன். முதல் கேள்விக்குப் பதில் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

“பையனுக்கு நாலு மாசமுங்க, எடை 6 கிலோ. முதல் நாள் மூக்கு ஒழுகுச்சு, மூணாம் நாள் இருமலும் இழுப்பும். பக்கத்துல ஒரு கிளினிக்குல சால்புட்டமால் ரெண்டு தடவை வெச்சாங்க. கொஞ்ச நேரம் தேவலையா இருந்துச்சு, ராத்திரி பால் குடிக்கவே இல்லை. நாலாம் நாள் பெரிய ஆஸ்பத்திரியில சேர்த்தோம். அங்கே அந்த மருந்தையே நிறுத்திட்டாங்க. ஆக்ஸிஜன் வெச்சு, மூக்கு வழியா டியூப் போட்டுப் பால் குடுத்தாங்க, அவ்வளவுதான். ஏழாம் நாள் வீட்டுக்கு வந்துட்டோம். வைத்தியமே பண்ணாம அனுப்பிட்டாங்களோன்னு மாமியார் கேக்கறாங்க.” (காங்கேயம் பக்கம் ஒரு தாய்)

உங்கள் மாமியாரிடம் சொல்லுங்கள் அம்மிணி, நடந்தது வைத்தியம்தான்.

ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகிக் குழாய் சுருங்குகிறது. சால்புட்டமால் அந்தத் தசையைத் தளர்த்துகிறது, மூச்சு வழி திறக்கிறது. உங்கள் பையனுக்கு இருந்த சிக்கல் வேறு. ஆர்எஸ்வி போன்ற வைரஸ் நுண்குழாயின் உள்தோலைத் தாக்குகிறது. தோல் வீங்குகிறது, செத்த செல்கள் உதிர்கின்றன, அவை சளியோடு சேர்ந்து குழாயை அடைக்கின்றன. நம் தோட்டத்தில் சொட்டுநீர்க் குழாயில் உப்புப் படிந்து அடைத்துக்கொண்டால் கேட்வால்வை எவ்வளவு திறந்தாலும் தண்ணீர் வருமா? அதே கதைதான். தளர்த்த வேண்டிய தசை இங்கே பிரச்சினையே இல்லை. ஆனால் ஸ்டெதாஸ்கோப்பில் இரண்டுக்கும் ‘வீஸ்’ என்ற அதே சத்தம் கேட்கும். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

இன்னொன்று, குழாயின் அகலம் பாதியானால் காற்றுக்கு உண்டாகும் தடை இரண்டு மடங்காகாது, ஏறக்குறைய 16 மடங்காகும். பெரியவர்களைவிடக் குழந்தையின் குழாய் குறுகல், அதே வீக்கத்துக்குச் சீக்கிரம் பாதியாகிவிடும். அதனால்தான் அதே கிருமி வீட்டில் அத்தைக்கு வெறும் தடுமனாகப் போகிறது, குழந்தைக்கு மூச்சு வாங்குகிறது.

சரி, முதலில் கொஞ்ச நேரம் தேவலையாக இருந்ததே? மாஸ்க்கை வைத்ததும் குழந்தை வீறிட்டு அழுதிருப்பான், இருமியிருப்பான். கொஞ்சம் சளி நகர்ந்திருக்கும், மூக்கு ஈரமாகி வழி விட்டிருக்கும். அழுது களைத்துத் தூங்கியிருக்கவும் கூடும். இந்த நோயில் மூச்சு நிமிடத்துக்கு நிமிடம் கூடும், குறையும். மருந்து வைத்த பிறகு குறைந்தது எல்லாம் மருந்தால் குறைந்தது அல்ல. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, இந்த மருந்தால் ஆக்ஸிஜன் அளவு கூடவில்லை, ஆஸ்பத்திரியில் சேர்ப்பது குறையவில்லை, தங்கும் நாளும் குறையவில்லை. வந்தது இதயப் படபடப்பும் கை கால் நடுக்கமும். சில குழந்தைகளுக்கு ஆக்ஸிஜன் இன்னும் சற்று இறங்குவதும் உண்டு. மருந்து ரத்தக் குழாயையும் விரிப்பதால், காற்றே போகாத பகுதிக்கு ரத்தம் வீணாகப் போவதுதான் காரணம். 2014இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் தன் வழிகாட்டியில் சால்புட்டமால் வேண்டாம் என்று நேராகவே எழுதிவிட்டது.

இப்போது நீங்கள் அனுப்பிய டிஸ்சார்ஜ் தாளைப் பார்ப்போம். சேர்க்கும்போது மூச்சு நிமிடத்துக்கு 68, ஆக்ஸிஜன் 88 சதவீதம். முதல் வேலையாக மூக்கில் சலைன் விட்டுச் சளியை மென்மையாக உறிஞ்சி எடுத்திருக்கிறார்கள். அதற்கே மூச்சு 60க்கு வந்திருக்கிறது. கைக்குழந்தைகள் பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடுவார்கள், மூக்கடைப்பே பாதிப் பாரம். ஆக்ஸிஜன் 90க்குக் கீழே இருந்ததால் மூக்குக் குழாய் வழியாக ஆக்ஸிஜன். வேகமாக மூச்சு வாங்கும் குழந்தை பாலை உறிஞ்சினால் புரையேறும், அதனால் டியூப். 6 கிலோ குழந்தைக்கு, கிலோவுக்கு 100 மில்லி என்று வைத்தால் நாளுக்கு 600 மில்லி. அதை இரண்டு மணி நேரத்துக்கு 50 மில்லி வீதம், நீங்கள் பீய்ச்சிக் கொடுத்த தாய்ப்பாலையே விட்டிருக்கிறார்கள். ஐந்தாம் நாள் இன்னும் கஷ்டப்பட்டான் என்று எழுதியிருக்கிறீர்கள். அது வைத்தியம் தோற்றதல்ல. இந்த நோய் மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள்தான் உச்சத்துக்குப் போகும், பிறகு தானே இறங்கும். ஆறாம் நாள் ஆக்ஸிஜன் எடுத்தாயிற்று, ஏழாம் நாள் மார்பிலேயே குடித்தான். உடம்பு கிருமியை வெல்லும் வரை மூச்சையும் பாலையும் தாங்கிப் பிடிப்பது. இந்த நோய்க்கு வைத்தியம் என்றால் அதுதான்.

“அஞ்சு மாசப் பாப்பாவுக்கு முதல் முறை வீசிங். ஸ்டீராய்டு சிரப் மூணு நாளைக்கு எழுதிக் குடுத்தாங்க. வீக்கம்னா ஸ்டீராய்டு அதைக் குறைக்கணும் இல்லீங்களா?” (கோபி)

நியாயமான கேள்வி. எங்களுக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் தோன்றியது, நானும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் எல்லா வீக்கமும் ஸ்டீராய்டுக்குப் பணியாது. ஆஸ்துமாவில் அலர்ஜி வகை அணுக்கள் கூட்டம் போடும், அவை ஸ்டீராய்டுக்கு அடங்கும். இங்கே வைரஸ் தோலையே உரித்துப் போடுகிறது, திரள்வது பெரும்பாலும் நியூட்ரோபில் என்ற வேறு வகை வெள்ளணுக்கள். 2007இல் அமெரிக்காவில் வெளியான ஒரு ஆய்வில், முதல் முறை பிராங்கியோலைடிஸ் வந்த 600 குழந்தைகளில் ஒரு பாதிக்கு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் மறு பாதிக்கு வெறும் போலி மருந்தும் கொடுத்தார்கள். மருந்து பெற்றவர்களில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் ஏறக்குறைய 40 சதவீதம், பெறாதவர்களில் 41. வித்தியாசம் இல்லை என்றுதான் பொருள். நெபுலைசரில் வைக்கும் புடிசோனைடு என்ற ஸ்டீராய்டுக்கும் இதே தீர்ப்புதான்.

இது முதல் வருடத்தில் முதல் முறை வரும் இழுப்புக்குச் சொன்னது. ஒன்றரை, இரண்டு வயதுக் குழந்தைக்குத் திரும்பத் திரும்ப இழுப்பு வந்தால், தோலில் கரப்பான் இருந்தால், பெற்றோருக்கு ஆஸ்துமா இருந்தால் கணக்கு மாறும். அங்கே டாக்டர் சால்புட்டமால் வைத்துப் பார்ப்பதில் தவறில்லை.

“அப்ப சலைன் மட்டும் வெச்சா சரியாயிடுமா? மெடிக்கல்ல 3 பர்சென்ட் சலைன் கிடைக்குது. வீட்டுல மெஷின் இருக்கு.” (திருப்பூர்)

சலைனில் இரண்டு வகை. 0.9 சதவீதம் உடம்பின் உப்பளவுக்குச் சமம். 3 சதவீதம் அதைவிட மூன்று மடங்குக்கு மேல் உப்பு. அந்த உப்பு சுற்றியுள்ள ஈரத்தை இழுத்துக் கெட்டிச் சளியை இளக்கும் என்பது யோசனை. ஆரம்ப ஆய்வுகளில் ஆஸ்பத்திரியில் தங்கும் நாள் குறைந்தது போலத் தெரிந்தது. பிறகு பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வில் பலன் தெரியவில்லை. அமெரிக்க வழிகாட்டி, ‘அவசரப் பிரிவில் வேண்டாம், வார்டில் சேர்த்த குழந்தைக்கு வேண்டுமானால் வைக்கலாம்’ என்கிறது. பிரிட்டன் வழிகாட்டி வேண்டவே வேண்டாம் என்கிறது. நான் வார்டில் கெட்டிச் சளியோடு இரண்டு மூன்று நாள் தாண்டிக் கிடக்கும் சில குழந்தைகளுக்கு மட்டும் 4 மில்லி அளவில் வைத்துப் பார்ப்பேன், அதிகம் எதிர்பார்க்க மாட்டேன்.

வீட்டில் 3 சதவீதம் வேண்டாம். அது சில குழந்தைகளுக்கு இருமலைக் கிளப்பி மூச்சை இன்னும் இறுக்கும். அப்போது பக்கத்தில் ஆக்ஸிஜன் இருக்க வேண்டும். 0.9 சதவீத நெபுலைசேஷன் அப்படித் தொல்லை தருவது குறைவு, நோயைக் குறைப்பதும் இல்லை. அழும் குழந்தையைப் பிடித்து அமுக்கி மாஸ்க் வைப்பதில் குழந்தை களைத்துப் போவதுதான் மிச்சம். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் உப்புக் கரைத்து மெஷினில் ஊற்றுவதாக ஒருவர் எழுதியிருந்தார். தயவுசெய்து கூடாது. அளவும் சுத்தமும் கைக்கு அடங்காது.

“என் பேத்திக்கு மூக்குல சொட்டு விடறதும் தப்புன்னு மருமக சொல்றா. நாங்கெல்லாம் சாம்பிராணி புகை காட்டி, கற்பூரம் காய்ச்சின எண்ணெய் நெஞ்சுல தடவித்தானுங்க வளர்த்தோம்.” (பொள்ளாச்சி, ஒரு அம்மாயி)

மூக்குச் சொட்டில் நீங்கள் சொல்வது சரிங்க அம்மா, புகையிலும் கற்பூரத்திலும் மருமகள் பக்கம் போகிறேன். கடையில் கிடைக்கும் சலைன் சொட்டு மருந்து இரண்டு துளி, ஒவ்வொரு துவாரத்திலும், பால் கொடுப்பதற்குக் கொஞ்சம் முன்பு. இளகிய சளியை ரப்பர் பல்பால் வாசலில் மட்டும் மெதுவாக எடுங்கள், உள்ளே குடைய வேண்டாம். பெரியவர்கள் விட்டுக்கொள்ளும் மூக்கடைப்பு மருந்து இது அல்ல, அட்டையைப் படித்து வாங்குங்கள். பிறகு பால்: ஒரு வேளைக்குக் குடிப்பதில் பாதி அளவு, இரண்டு மடங்கு தடவை.

சாம்பிராணிப் புகை வீங்கிய குழாயை மேலும் எரிச்சலூட்டும். விறகடுப்பும் பீடியும் அதே கணக்கு. கற்பூரம் கைக்குழந்தையின் உடம்பில் தோல் வழியாகவும் ஏறும், வலிப்பு வரவைக்கும். பழக்கம் என்று விட்டுவிட முடியாது.

“எங்க ஊர்ல இருந்து தாராபுரம் ஆஸ்பத்திரிக்கு 20 கிலோமீட்டர். எப்பக் கிளம்பணும்?”

குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதைக் கடிகாரம் வைத்து முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். 60க்கு மேல் இருந்தால் கிளம்புங்கள். விலா எலும்புக்கு இடையிலோ கீழேயோ தோல் உள்ளே குழிந்தாலும், வழக்கத்தில் பாதிகூடப் பால் குடிக்காவிட்டாலும், 12 மணி நேரமாக ஒரு துணிகூட நனையாவிட்டாலும் கிளம்புங்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் முனகல், உதடு நீலம், நடுவில் மூச்சு நின்று நின்று வருவது இதில் ஒன்று தெரிந்தால் எண்ணிக்கொண்டிருக்காமல் 108க்குக் கூப்பிடுங்கள். குறைமாதக் குழந்தை, இதயக் கோளாறு உள்ள குழந்தை, மூன்று மாதம் முடியாத குழந்தை என்றால் மூச்சு வாங்குவதைப் பார்த்ததுமே காட்டிவிடுங்கள். மூச்சு நின்று போவது அவர்களுக்குத்தான் அதிகம்.

“எல்லாம் சரியாச்சு, இருமல் மட்டும் ரெண்டு வாரமா நிக்கலை. ஆன்டிபயாடிக் வேணுமா?” (பெருந்துறை)

நன்றாகக் குடிக்கிறான், விளையாடுகிறான், காய்ச்சல் இல்லை என்றால் வேண்டாம். உரிந்த தோல் திரும்ப வளர வேண்டும், மூன்று வாரம் வரை இருமல் இழுக்கும். அதற்குமேல் போனால், அல்லது நடுவில் புதிதாகக் காய்ச்சல் வந்தால் காட்டுங்கள்.