ரம்பப்பல் அலையும் π²/6-உம்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் மின்னணுப் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். 1 + 1/4 + 1/9 + 1/16 + … என்ற தொடரின் கூட்டுத்தொகை π²/6 என்பதை ரம்பப்பல் அலையின் ஃபூரியர் தொடரிலிருந்து எடுக்கலாம் என்று படித்து, நானே செய்து பார்த்தேன். 0 முதல் 2π வரை f(x) = x என்று வைத்துக்கொண்டேன். கெழுக்கள் −2/n என்று வந்தன. பார்செவல் சமன்பாட்டில் போட்டால் 2π²/3, அதாவது 6.58 வருகிறது. எங்கே தவறினேன்?

இன்னொரு சந்தேகமும் உண்டு. அலை செங்குத்தாக விழும் இடத்தில் ஃபூரியர் தொடர் சரியான மதிப்பைத் தருவதில்லை, அருகில் கொம்பு போல ஒரு துருத்தலும் நிற்கிறது. அப்படிப் பிசகும் தொடரை வைத்து ஒரு கூட்டுத்தொகையைத் துல்லியமாக எப்படிச் சொல்ல முடியும்?

அன்புடன்,
எம்.

அன்புள்ள எம்.,

6.58 என்ற எண்ணைப் பார்த்ததும் சந்தேகப்பட்டீர்களே, அது சரியான சந்தேகம். π எதுவும் தெரியாமலே இந்தக் கூட்டுத்தொகை 2-ஐத் தாண்டாது என்று சொல்லிவிடலாம். 1/4 என்பது 1/(1·2)-ஐவிடச் சிறியது, அதாவது 1 − 1/2-ஐவிடச் சிறியது. 1/9 என்பது 1/2 − 1/3-ஐவிடச் சிறியது. இப்படியே எழுதிக் கூட்டினால் நடுவில் உள்ளவை எல்லாம் அடிபட்டு, இரண்டாவது உறுப்பிலிருந்து வரும் மொத்தமும் 1-க்குள் அடங்கிவிடும். முதல் உறுப்பு 1. ஆக மொத்தம் 2-க்குக் கீழே. இந்த வகைக் கணக்கில் இறங்கும் முன் இப்படி ஒரு மேல்வரம்பைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது.

உங்கள் கெழுக்கள் சரி. −2/n எங்கிருந்து வருகிறது என்பதை மட்டும் ஒருமுறை பார்த்துவிடுவோம். x sin nx-ஐ 0 முதல் 2π வரை பகுதி பகுதியாகத் தொகையிட்டால் −x cos nx / n என்ற துண்டு ஓரங்களில் −2π/n தருகிறது. மீதியாக நிற்கும் கொசைனின் தொகை ஒரு முழுச்சுற்றில் பூச்சியம். π-ஆல் வகுத்தால் −2/n. அந்த 2π வேறொன்றுமில்லை, அலை விழும் உயரம்தான். செங்குத்தான அந்த ஒரு வீழ்ச்சிதான் 1/n வேகத்தில் குறையும் கெழுக்களை உண்டாக்குகிறது. நமக்கு வேண்டிய 1/n² அங்கேயே தயாராகிவிட்டது, வர்க்கப்படுத்துவது மட்டும்தான் பாக்கி. சைன் உறுப்புகள் சரிதான். ஆனால் உங்கள் தொடர் இப்படி இருக்க வேண்டும்:

x = π − 2 (sin x + sin 2x / 2 + sin 3x / 3 + …)

முன்னால் நிற்கும் அந்த π-ஐ விட்டுவிட்டீர்கள். அது அலையின் சராசரி. 0 முதல் 2π வரை ஏறும் பல்லின் நடு உயரம் π.

நீங்கள் மின்னணுவியல் படிப்பதால் இதை வோல்டேஜாகவே பாருங்கள். ஒரு ஓம் மின்தடையில் இந்த அலையைக் கொடுத்தால் சராசரித் திறன் என்பது x²-இன் சராசரி. அது (1/2π) × (2π)³/3 = 4π²/3. இதே திறனைத் தொடரின் பக்கமிருந்தும் கணக்கிடலாம், இரண்டும் சமம் என்பதுதான் பார்செவல் சமன்பாடு. தொடரை வர்க்கப்படுத்தினால் sin mx · sin nx போன்ற கலப்பு உறுப்புகள் ஏராளமாக வரும். m-உம் n-உம் வேறுவேறாக இருந்தால் ஒரு சுற்றில் அவற்றின் சராசரி பூச்சியம். மாறிலியும் சைனும் பெருக்கிக்கொண்டாலும் அப்படித்தான். பிழைத்து நிற்பவை தத்தம் வர்க்கங்கள் மட்டுமே: மாறிலியின் வர்க்கம் முழுசாக, சைன்களின் வர்க்கம் பாதியாக, ஏனென்றால் sin²-இன் சராசரி 1/2. ஆகவே

4π²/3 = π² + ½ (4/1² + 4/2² + 4/3² + …)

π²-ஐ இடப்பக்கம் கொண்டுபோனால் π²/3 மிஞ்சும். வலப்பக்கம் 2 × (1 + 1/4 + 1/9 + …). ஆக விடை π²/6, அதாவது 1.6449.

இப்போது உங்கள் பிழை ஏன் சரியாக நான்கு மடங்காக வந்தது என்பதும் தெரிகிறது. மொத்தத் திறன் 4π²/3-இல் டிசி பகுதி மட்டும் π², அதாவது முக்கால் பங்கு. ஏசி பகுதிக்குக் கால் பங்குதான். நீங்கள் முழுத் திறனையும் சைன்களின் கணக்கில் ஏற்றிவிட்டீர்கள். டிசியே வேண்டாம் என்றால் பல்லை −π முதல் π வரை வைத்துக்கொள்ளலாம். சராசரி பூச்சியமாகிவிடும், x²-இன் சராசரி நேராகவே π²/3 வரும். உச்சத்தை √3-ஆல் வகுத்தால் ரம்பப்பல் அலையின் ஆர்எம்எஸ் என்று உங்கள் பாடத்தில் வருமே, அதன் வர்க்கம்தான் இது. அந்தச் சூத்திரத்தைப் பயன்படுத்துகிறவர்கள் π²/6-ஐப் பாதித் தூரம் கையில் வைத்திருக்கிறார்கள்.

சரி, உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். எனக்கு அதுதான் பிடித்த கேள்வி.

நீங்கள் பார்த்த துருத்தல் உண்மையானது. எத்தனை உறுப்புகளைக் கூட்டினாலும் போகாது. நூறு சைன்களோடு நிறுத்தி வரைந்து பாருங்கள். 2π-க்குச் சற்று முன்னால் அலையின் உயரம் ஏறக்குறைய 6.28 இருக்க வேண்டிய இடத்தில் வரைபடம் 6.8-ஐத் தாண்டி எழும். 0-வைத் தாண்டியதும் இதே அளவுக்குக் கீழே இறங்கும். ஆயிரம் சைன்கள் போட்டாலும் அந்த உயரம் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும், வீழ்ச்சியின் உயரத்தில் சுமார் 9 சதவீதம். இதை வில்பிரகாம் 1848-லேயே எழுதியிருந்தார். யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1899-இல் கிப்ஸ் ரம்பப்பல் அலையையே எடுத்துக்கொண்டு மறுபடி விளக்கியபின் அவர் பெயரிலேயே நிலைத்துவிட்டது.

ஆனால் பார்செவல் சமன்பாடு எந்தப் புள்ளியிடமும் போய் ‘உன் மதிப்பு சரியா’ என்று கேட்பதில்லை. அது பிழையின் வர்க்கத்தை முழுச் சுற்றிலும் தொகையிட்டுப் பார்க்கிறது. துருத்தலின் உயரம் குறையாவிட்டாலும் அகலம் குறைந்துகொண்டே போகிறது. N சைன்கள் போட்டால் உச்சி, வீழ்ச்சியிலிருந்து ஏறக்குறைய π/N தொலைவில் இருக்கும். உயரம் மாறாமல் அகலம் சுருங்கினால் வர்க்கப் பரப்பும் சுருங்கும். வீழ்ச்சிப் புள்ளியில் தொடர் தரும் மதிப்பு π என்பதும் அப்படித்தான்: அங்கே அலைக்கு 0 என்றோ 2π என்றோ எதை எழுதினாலும், ஒற்றைப் புள்ளிக்கு அகலமில்லாததால் தொகையீடு மாறாது.

எண்ணில் சொன்னால், N சைன்களோடு நிறுத்தும்போது விடுபடும் சராசரித் திறன் சுமார் 2/N. நூறில் நிறுத்தினால் ஏறத்தாழ 0.02. முதல் சைன் மட்டுமே ஏசி திறனில் 61 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. பத்து சைன்கள் 94 சதவீதத்துக்கு மேல். கடைசிச் சில சதவீதத்துக்குத்தான் நெடுந்தூரம் நடக்க வேண்டும். உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கூட்டி 1.6449-ஐ எட்டப் பார்ப்பவர்கள் சலித்துப்போவதும் இதனால்தான். நூறு உறுப்புகளுக்குப் பிறகும் கையில் 1.635 தான் இருக்கும்.

இங்கே கவனமாக இருக்க வேண்டிய ஓர் இடம் உண்டு. விடுபடும் திறன் 2/N என்று சொல்லும்போதே சமன்பாடு உண்மை என்று எடுத்துக்கொண்டுவிட்டோம். கலப்பு உறுப்புகள் மறைகின்றன என்பதை மட்டும் வைத்து நிறுவக்கூடியது சமன்பாடு அல்ல, சமனின்மை: சைன்களின் திறனைக் கூட்டினால் அலையின் திறனைத் தாண்டாது. அதாவது 1 + 1/4 + 1/9 + … என்பது π²/6-க்கு மேல் போகாது. அதைத் தொடுகிறது என்பதற்குத் தனியாகக் காரணம் காட்ட வேண்டும். எல்லாச் சைன்களும் கொசைன்களும் சேர்ந்தாலும் பிடிபடாத ஏதோ ஒரு மிச்சம் அலையில் ஒளிந்திருந்தால்? பல வகுப்பறைகளில் இந்த இடத்தைச் சத்தமில்லாமல் தாண்டிவிடுகிறார்கள்.

ரம்பப்பல்லுக்கு அந்தக் காரணத்தை இப்படிக் காட்டலாம். முதலில் செங்குத்து வீழ்ச்சியைக் கொஞ்சம் சரித்துவிடுங்கள்: வீழ்ச்சிக்கு இருபுறமும் δ அகலத்துக்குள் அலையை எடுத்துவிட்டு, ஒரு சாய்கோட்டால் இரு முனைகளையும் இணையுங்கள். இப்போது அலை எங்கும் தொடர்ச்சியானது. மாற்றிய இடத்தின் அகலம் 2δ. அங்கே வேறுபாடு π-ஐத் தாண்டாது. ஆகவே வர்க்கப் பிழையின் தொகை 2π²δ-க்குள் அடங்கும். δ-வைச் சிறிதாக்கினால் அதுவும் வேண்டுமளவு சிறிதாகும். தொடர்ச்சியான காலமுறைச் சார்பை சைன், கொசைன்களின் முடிவுள்ள கூட்டலால் எல்லாப் புள்ளிகளிலும் ஒருசேர நெருங்க முடியும் என்பதை ஹங்கேரியின் ஃபெயர் 1900-இல் நிறுவினார். ஃபூரியர் பகுதிக் கூட்டல்களின் சராசரிகளை எடுத்தாலே போதும். ஆக, நம் ரம்பப்பல்லுக்கு மிக அருகில் ஏதோ ஒரு முடிவுள்ள கூட்டல் இருக்கிறது.

அது ஃபூரியர் கெழுக்களைக் கொண்டதாக இல்லாமல் இருக்கலாம். பரவாயில்லை. ஏனென்றால், N வரையுள்ள சைன் கொசைன்களால் கட்டக்கூடிய எல்லாக் கூட்டல்களிலும் வர்க்கப் பிழை மிகக் குறைந்தது ஃபூரியர் கெழுக்களோடு நிற்பதுதான். வேறொன்று இவ்வளவு அருகில் வந்தால் ஃபூரியர் கூட்டல் அதைவிட அருகில்தான் இருக்கும். எனவே பிழையின் திறன் பூச்சியத்துக்குப் போகிறது, மிச்சம் எதுவும் இல்லை, சமன்பாடு சமன்பாடாகவே நிற்கிறது. இதில் தொடரின் எந்தப் புள்ளி மதிப்பையும் நாம் தொடவே இல்லை என்பதைக் கவனித்தீர்களா?

புள்ளி மதிப்பைத் தொட்டால் கிடைப்பது வேறு பலன். அதே தொடரில் x = π/2 என்று போட்டால் 1 − 1/3 + 1/5 − 1/7 + … = π/4 வரும். அங்கே தொடர் அந்தப் புள்ளியில் ஒருங்குகிறது என்பதைத் தனியே நிறுவ வேண்டும். வர்க்கங்கள் மட்டும் அங்கே வராது.

நீங்கள் அடுத்துச் செய்து பார்க்க ஒன்று. −π முதல் π வரை x² என்ற பரவளையத்தை எடுங்கள். அதன் தொடர் π²/3-இல் தொடங்கும், கொசைன் கெழுக்கள் 4/n² அளவில் குறிமாறி வரும். x⁴-இன் சராசரி π⁴/5. இந்த முறை சராசரியின் வர்க்கமான π⁴/9-ஐ மறக்காமல் கழித்தால், நான்காம் அடுக்குகளின் தலைகீழிகள் கூடி π⁴/90 ஆவதைப் பார்ப்பீர்கள், ஏறத்தாழ 1.0823. முதல் மூன்று உறுப்புகளே 1.0748 வரை வந்துவிடும் என்பதால் சரிபார்ப்பதும் சுலபம்.

அப்புறம் மூன்றாம் அடுக்குக்கும் ஆசை வரும். 1/n-ஐயும் 1/n²-ஐயும் பெருக்கினால் 1/n³ தானே, ரம்பப்பல்லையும் பரவளையத்தையும் பெருக்கிச் சராசரி எடுத்தால் என்ன என்று தோன்றும். ஆனால் ஒன்றில் சைன்கள், மற்றதில் கொசைன்கள். அவற்றின் கலப்புச் சராசரி முழுக்கப் பூச்சியம். இரு பக்கமும் 0 = 0 என்றுதான் நிற்கும்.

அன்புடன்.