லேட்ச்சா, ஃப்ளிப்ஃப்ளாப்பா? அந்தச் சின்ன முக்கோணத்தைப் பாருங்கள்

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி. இப்போது இசிஇ இரண்டாமாண்டு. லேட்ச், ஃப்ளிப்ஃப்ளாப், ரெஜிஸ்டர், கவுண்டர் எல்லாமே பிட்டைச் சேமிப்பவை என்றுதான் ஆங்கிலப் புத்தகம் சொல்கிறது. அப்புறம் எதற்கு நான்கு பெயர்?

பதில்:

நானும் தமிழ் வழிதான். அகராதியைப் புரட்டினேன், லேட்ச் என்றால் தாழ்ப்பாள், ஃப்ளிப்ஃப்ளாப் என்றால் ரப்பர் செருப்பு. தாழ்ப்பாள் மட்டும் கொஞ்சம் உதவியது.

லேட்ச்சில் எனேபிள் 1 ஆக இருக்கும் வரை தாழ்ப்பாள் திறந்திருக்கிறது. உள்ளே D எத்தனை தடவை மாறினாலும் வெளியே Q கூடவே மாறும். எனேபிள் 0 ஆனதும் தாழ் விழும். கடைசியாக இருந்தது அப்படியே நிற்கும். ஃப்ளிப்ஃப்ளாப்பில் திறந்திருக்கும் நேரம் என்றே ஒன்று இல்லை. க்ளாக் 0-வில் இருந்து 1-க்கு ஏறும் அந்தக் கணத்தில் D என்னவோ, அதை மட்டும் எடுத்துக்கொள்ளும். அடுத்த ஏற்றம் வரை D என்ன ஆட்டம் போட்டாலும் கண்டுகொள்ளாது.

இது எனக்குப் புரிந்தது லேபில், ஒரு தப்பால். Q-வை ஒரு நாட் கேட் வழியாகத் திருப்பி D-க்கே கொடுத்தால், ஒவ்வொரு க்ளாக்குக்கும் Q ஒரு முறை மாற வேண்டும். 74374 என்ற ஃப்ளிப்ஃப்ளாப் சில்லை எடுப்பதற்குப் பதில் 74373 என்ற லேட்ச் சில்லை எடுத்துவிட்டேன். இரண்டுக்கும் 20 கால், இணைப்பும் ஒன்றே. 11-ஆவது கால் மட்டும் ஒன்றில் க்ளாக், மற்றதில் லேட்ச் எனேபிள். க்ளாக் 1-இல் இருந்தபோது எல்இடி அரைகுறையாக மங்கி எரிந்தது. 0-க்கு வந்ததும் சில சமயம் எரிந்தபடி, சில சமயம் அணைந்தபடி நின்றது. தாழ் திறந்திருந்ததால் Q மாற, அதனால் D மாற, மறுபடி Q மாற என்று கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. சில்லை மாற்றியதும் க்ளாக்குக்கு ஒரு மாற்றம், சரியாக.

புத்தகத்தில் ஒரு பொறி உண்டு. பழைய புத்தகங்கள் சில, எனேபிள் வைத்த எஸ்ஆர் லேட்ச்சையும் 'க்ளாக்டு ஃப்ளிப்ஃப்ளாப்' என்றே எழுதியிருக்கும். பெயரை நம்பாதீர்கள். படத்தில் க்ளாக் நுழையும் இடத்தில் சின்ன முக்கோணம் இருந்தால் அது கணத்தைப் பார்ப்பது. இல்லையென்றால் பெரும்பாலும் லேட்ச்தான்.

மற்ற இரண்டும் இதன் மேல் கட்டியவை. 74374-க்குள் எட்டு ஃப்ளிப்ஃப்ளாப், எல்லாவற்றுக்கும் ஒரே க்ளாக். எட்டு பிட்டும் ஒரே கணத்தில் உள்ளே போகும். அதுதான் ரெஜிஸ்டர், பள்ளிக் கணினிப் பாடத்தில் பதிவகம் என்று படித்தது. போட்டதை வைத்திருப்பதோடு அதன் வேலை முடிந்தது. கவுண்டரிலும் அதே ஃப்ளிப்ஃப்ளாப்கள்தான். ஆனால் அடுத்து என்ன எண் வர வேண்டும் என்பதை அதன் இணைப்பே முடிவு செய்கிறது. லேபில் நான் செய்தது ஒரு பிட் கவுண்டர்: 0, 1, 0, 1. அப்படி நான்கை, ஒன்றின் நாட் கேட் வெளியீடு அடுத்ததன் க்ளாக்காகும்படி தொடராகக் கோத்தால் 0 முதல் 15 வரை எண்ணிவிட்டு மறுபடி 0-க்கு வரும்.